விவாகச் சான்றிதழ் இல்லையென்று விதவை ஓய்வூதியம் மறுக்கப்பட்டால்

நேயர்களுக்கு வணக்கம். பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவில் கனகாலம் இருந்தவன் என்பதால் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் அடிக்கடி தலைகாட்டும் ஒரே ஒரு சிக்கலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மூதூர்ப் பக்கத்து அம்மா ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். 1984இல் பதிவுத் திருமணம். கணவர் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் தொழிலாளி. விதவைகள், அநாதைகள் ஓய்வூதியத்துக்கு மாதாமாதம் சம்பளத்தில் கழித்திருக்கிறார்கள். 2006இல் இடம்பெயர்ந்தபோது வீட்டிலிருந்த கடதாசியெல்லாம் போய்விட்டது. கணவர் காலமான பின் அம்மா விண்ணப்பித்தார். விவாகச் சான்றிதழுக்குப் பதிலாக, சமாதான நீதவானிடம் முடித்த சத்தியக் கடதாசியும் கிராம உத்தியோகத்தரின் கடிதமும் வைத்தார். "விவாகச் சான்றிதழ் சமர்ப்பிக்கப்படவில்லை" என்று கோரிக்கையை நிராகரித்துவிட்டார்கள்.

அம்மாவுக்குக் கோபம் வருவது நியாயம். ஆனாலும் அந்த அதிகாரி சட்டத்துக்கு மாறாக எதுவும் செய்யவில்லை. 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் 41ஆம் பிரிவு, விவாகத்துக்குச் சிறந்த சான்று பதிவாளரின் புத்தகத்திலுள்ள பதிவுதான் என்கிறது. அந்தப் பதிவைத் தேடியே பார்க்காமல் சத்தியக் கடதாசியை நீட்டினால், எவரும் அதை ஏற்கத் தயங்குவார்கள். ஆகவே மேன்முறையீடு எழுதுமுன் அந்தப் பதிவைத் தேட வேண்டும்.

வீட்டிலிருந்தது வெறும் பிரதிதான். பதிவு நடந்த பகுதிக்குரிய பிரதேச செயலகத்தில் தேடச் சொல்லி விண்ணப்பியுங்கள். அங்கே இல்லாவிட்டால், கொழும்பு மாளிகாவத்தையிலுள்ள பதிவாளர் நாயகத்தின் மத்திய ஆவணக் காப்பகத்தில் இரட்டைப் பிரதியைத் தேடலாம். இங்கே பலர் சறுக்குவது வருடத்தில்தான். "எண்பத்தி நாலா, எண்பத்தி ஐஞ்சா" என்று நினைவில்லாமல் ஒரு வருடத்தை மட்டும் எழுதிக் கொடுத்தால் "இல்லை" என்றே பதில் வரும். மூத்த பிள்ளையின் பிறந்த திகதியை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் பார்த்து, இரண்டு மூன்று வருடங்களுக்குத் தேடச் சொல்லுங்கள்.

அப்படியும் கிடைக்காவிட்டால் வாய்ப்பேச்சோடு திரும்பி வராதீர்கள். "தேடினோம், பதிவு காணப்படவில்லை" என்று எழுத்தில் வாங்குங்கள். மேன்முறையீட்டின் முதுகெலும்பு அந்தக் கடிதம்தான். மூல ஆவணம் அழிந்தோ தொலைந்தோ போனால் இரண்டாந்தரச் சான்றைக் காட்டலாம் என்று சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 65ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. தொலைந்தது என்பதை நிறுவினால்தான் அந்தப் பிரிவைப் பற்றிப் பேசவே முடியும்.

அந்த இரண்டாந்தரச் சான்று எங்கே இருக்கும்? முதலில் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். "பெற்றோர் விவாகம் செய்தவர்களா?" என்று ஒரு கூடு இருக்கும். பத்துக்கு ஒன்பது பேர் அதை ஒருநாளும் வாசித்திருக்க மாட்டார்கள். அதில் "ஆம்" என்றிருந்தால், சண்டை சச்சரவு எதுவும் வரமுன் அரசாங்கப் பதிவாளரே எழுதிய சாட்சி அது.

அடுத்தது கணவரின் சுயவிவரக் கோவை. கலியாணம் முடித்த உத்தியோகத்தர் மனைவியின் விபரத்தைத் தன் அலுவலகத்துக்குக் கொடுத்திருப்பார். பல கோவைகளுக்குள் விவாகச் சான்றிதழின் பிரதியே தைத்தபடி கிடக்கும். புகையிரத ஆணைச்சீட்டு விண்ணப்பத்தில்கூட மனைவியின் பெயர் இருக்கும். கோவையைக் காட்ட மாட்டோம் என்றால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்த அலுவலகத்தின் தகவல் அலுவலரிடம் பிரதி கேளுங்கள். ஏன் வேண்டும் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் அவர் தன் முடிவைச் சொல்ல வேண்டும்.

இனி மேன்முறையீடு. ஓய்வூதியப் பணிப்பாளர் நாயகத்துக்கு, பிரதேச செயலாளர் ஊடாக, ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். நிராகரித்த கடிதத்தின் இலக்கமும் திகதியும் மேலே இருக்கட்டும். கஷ்டத்தைப் பற்றி ஒரு வரி போதும். அதற்குக் கீழே இப்படி எழுதலாம்: "41ஆம் பிரிவு கோரும் பதிவை இரு இடங்களிலும் தேடினேன். காணப்படவில்லை என்ற கடிதங்களை இணைத்துள்ளேன். ஆகையால் 65ஆம் பிரிவின் அடிப்படையில் பின்வரும் ஆவணங்களை ஏற்று, என் கோரிக்கையை மீளப் பரிசீலிக்குமாறு வேண்டுகிறேன்." பழைய சத்தியக் கடதாசியும் இப்போதுதான் பயன்படும், ஆனால் பட்டியலில் கடைசியாக. மூலப் பிரதிகளை உங்களிடமே வைத்துக்கொண்டு, உறுதிப்படுத்திய பிரதிகளைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபால் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

இதெல்லாம் பதிவு செய்த திருமணத்துக்குத்தான். கோயிலில் தாலி கட்டி, பதியாமலே வாழ்ந்தவர்களும் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். வழக்காற்றின்படி முறையாக நடந்த திருமணம் பதியவில்லை என்பதற்காகச் செல்லாமல் போகாது. ஆனால் அதை நிறுவ இந்தக் கடிதம் போதாது. மாவட்ட நீதிமன்றம் வரை போக வேண்டி வரலாம். அப்படியானவர்கள் திருகோணமலையிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போங்கள். போகும்போது நிராகரித்த கடிதத்தையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் கொண்டு போங்கள். சடங்கை நேரில் பார்த்தவர்கள் யாரும் உயிரோடு இருந்தால் அவர்களின் பெயர் விலாசத்தையும் எழுதிக் கொண்டு போங்கள்.