சுருக்கத்தில் தப்பு: எந்தக் கட்டத்தில் திருத்துவது?

கேள்வி: "சார், குழந்தைகளுக்கு வர்ற வயிற்றுப்போக்கு பத்தி ஒரு டாக்டர் இங்கிலீஷ்ல பேசின வீடியோ. தானியங்கி மொழிபெயர்ப்புல தமிழாக்கி, அதை ஏஐ-கிட்ட கொடுத்து சுருக்கம் எடுத்தேன். 'வயிற்றுப்போக்கின்போது உணவு கொடுக்கக் கூடாது', 'ஜிங்க் தினமும் 20 மில்லிகிராம், 10 முதல் 40 நாள்'னு வருது. சுருக்கத்துலயே மாத்திட்டா போதுமா?"

போதாதுங்க. உங்க கண்ணுல பட்டது ரெண்டு. அதே காரணத்தால வந்த மத்த தப்பெல்லாம் அப்படியே உள்ளதான் இருக்கும். அந்தப் பேச்சு மூணு கை மாறி வந்திருக்கு. முதல்ல குரல் இங்கிலீஷ் எழுத்தாச்சு, அப்புறம் தமிழாச்சு, கடைசியா சுருங்குச்சு. ஒவ்வொரு கட்டமும் முந்தின கட்டம் சொன்னதை அப்படியே நம்பும். அதனால தப்பான வரியைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாடியே நடந்து போகணும்.

40 நாளை எடுத்துக்குவோம். தமிழ் மொழிபெயர்ப்புலயும் 40 தான். அப்போ சுருக்கம் மேல பழி இல்ல. இங்கிலீஷ் வசனத்தைத் திறங்க, யூடியூப்ல வீடியோ விவரத்துக்குக் கீழ Show transcript-னு இருக்கும். அங்கேயும் 40 இருந்தா, அந்த வரியை அழுத்துங்க, வீடியோ அந்த இடத்துக்கே போகும். வேகத்தை 0.75 ஆக்கிக் கேளுங்க. அவர் சொன்னது ஃபோர்ட்டீன், எந்திரத்துக்குக் கேட்டது ஃபார்ட்டி. தர்ட்டீன்–தர்ட்டி, ஃபிஃப்டீன்–ஃபிஃப்டி எல்லாம் இந்த ரகம்தான். கேன், கேன்ட் ரெண்டும் இன்னும் மோசம், கடைசி 'ட்' காதுல விழலைன்னா தடை அனுமதியாயிடும். காது சந்தேகப்பட்டா வெளியிலயும் பாருங்க: உலக சுகாதார நிறுவனம் சொல்றது 10லேருந்து 14 நாள்தான். ஆனா அதை வெச்சு டாக்டர் வாயில வார்த்தையைத் திணிக்கக் கூடாது. அவர் வேற சொல்லியிருந்தா, வேற சொன்னார்னுதான் எழுதணும்.

உணவு விஷயம் வேற மாதிரி. அங்கே இங்கிலீஷ் வசனத்துல வார்த்தை எல்லாம் சரியாவே இருக்கும். டாக்டர் சொன்னது: 'குழந்தைக்குச் சாப்பாடு கொடுக்கக் கூடாதுன்னு பல தாய்மார்கள் நம்புறாங்க, அது தப்பு.' தானியங்கி வசனத்துல பெரும்பாலும் முற்றுப்புள்ளி இருக்காது, வரி எங்கே வேணா உடையும். 'பல தாய்மார்கள் நம்புறாங்க' ஒரு வரி, 'சாப்பாடு கொடுக்கக் கூடாது' அடுத்த வரி, 'அது தப்பு' மூணாவது. இங்கிலீஷ்ல 'நம்புறாங்க' முன்னாடியே வந்துடும், தமிழ்ல வாக்கியக் கடைசிக்குப் போகணும். வரி வரியா மொழிபெயர்த்தா அது போக வழியே இல்ல. நடு வரி தனியா நின்னு டாக்டரோட அறிவுரை மாதிரி ஆயிடுது. சுருக்கம் அதை மட்டும் பொறுக்கிக்குது. நல்ல மொழிபெயர்ப்பு கிடைச்சாலும் இந்த ஆபத்து முழுசாப் போகாது, ஏன்னா மறுக்கறதுக்காக ஒருத்தர் சொல்ற கருத்தை அவரோட கருத்தாவே எடுத்துக்கறது சுருக்கத்துல அடிக்கடி நடக்கும்.

ஆக, இங்கிலீஷ் வசனத்தைத் திருத்திட்டு அங்கேருந்து மறுபடி ஓட்டுங்க. நேரக்குறிப்பை ஒரு பத்திக்கு ஒண்ணுன்னு மட்டும் வெச்சுக்கிட்டு, உடைஞ்ச வரிகளைச் சேர்த்து முழு வாக்கியமாக்குங்க, புள்ளி வையுங்க. எண்ணையும் மருந்துப் பேரையும் ஒலியோட ஒப்பிடுங்க. அப்புறம் பத்தி பத்தியா மொழிபெயர்க்கக் கொடுங்க. சுருக்கம் கேக்கும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்துல அது எந்த நேரத்துலேருந்து வந்ததுன்னு போடச் சொல்லுங்க. பேச்சாளர் மறுக்கிற கருத்துகளைத் தனியா 'மறுத்தவை'ன்னு எழுதச் சொல்லுங்க. அந்த நேரக்குறிப்பே தப்பா வரலாம், அதனால நாலைஞ்சை அழுத்திப் பாத்துடுங்க.

உங்க சுருக்கத்துல மூணாவது தப்பு ஒண்ணும் இருக்கலாம். இது வசனத்துலயோ மொழிபெயர்ப்புலயோ தெரியாது. ஜிங்க் 20 மில்லிகிராம்ங்கறது ஆறு மாசத்துக்கு மேல உள்ள குழந்தைக்கு. அதுக்குக் கீழ 10 மில்லிகிராம்தான். ரெண்டையும் டாக்டர் சொல்லியிருந்து சுருக்கம் ஒண்ணை மட்டும் வெச்சிருந்தா, படிக்கறவங்க கைக்குழந்தைக்கு ரெண்டு மடங்கு கொடுத்துடுவாங்க. எழுதினதுல ஒரு சொல்கூடப் பொய்யில்ல, விட்டதுதான் தப்பு. இதைக் கண்டுபிடிக்க எதிர்த்திசையில போகணும். மொழிபெயர்ப்புல 'கீழ்', 'மேல்', 'மட்டும்', 'தவிர', 'இருந்தால்' வர்ற இடமெல்லாம் தேடுங்க, அந்த நிபந்தனை சுருக்கத்துல இருக்கான்னு பாருங்க. இந்த மாதிரி பேச்சுல எண் வர்ற ஒவ்வொரு வாக்கியத்துக்கும் இதைச் செய்யாம வெளியிடாதீங்க.

ஒலியே புரியலைன்னா? பின்னாடி கைத்தட்டல், இல்ல மைக் விலகிப்போச்சு. அப்போ அந்த எண்ணைச் சுருக்கத்துலேருந்து எடுத்துட்டு, 'அளவு தெளிவாகக் கேட்கவில்லை'ன்னு நேரத்தோட போட்டுடுங்க.