பழைய கண்ணாடியை வெட்டலாமா? டஃபன்ட், லேமினேட்டட், சாதா: எது எதுவென்று கண்டுபிடிப்பது எப்படி

[காட்சி: பிக்கப் வண்டியின் பின்பக்கம். பழைய ஜமுக்காளம் சுற்றிய பெரிய கண்ணாடி ஒன்றை இரண்டு பேர் இறக்குகிறார்கள்.]

வணக்கம். நம்ம கடை பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகிற ரோட்டில், கேரளா எல்லைக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் இருக்கிறது. இந்தக் கண்ணாடி வந்தது கொழிஞ்சாம்பாறையிலிருந்து. கொண்டுவந்தவர் ரிட்டயர்டு வாத்தியார். அவருடைய சொந்தக்காரர் ஒருவர் துணிக்கடையைக் காலி செய்தபோது, அங்கே கதவாக இருந்த இதைச் சும்மா கொடுத்துவிட்டார். ஏழு அடி உயரம், மூன்று அடி அகலம், 12 மில்லிமீட்டர் கனம்.

“தம்பி, இதை அஞ்சடிக்கு வெட்டி, மூலையை உருட்டிக் கொடுத்துருங்க. டைனிங் டேபிளுக்குப் போட்டுக்கறேன். மிச்சம் ரெண்டடி வருதில்ல, அதை மாடி ஜன்னலுக்கு வெச்சுக்கலாம்.”

நான் கட்டரை எடுக்கவில்லை. இது என்ன கண்ணாடி என்று தெரியாமல் இதன்மேல் கட்டர் வைத்தால், டேபிளும் வராது, ஜன்னலும் வராது. கடை முழுக்கக் கற்கண்டு கொட்டியதுபோல் கிடக்கும்.

[காட்சி: கண்ணாடியின் மூலை, நெருக்கத்தில். விரல் நுனி ஒரு சின்ன எழுத்தைத் தேடுகிறது.]

முதலில் முத்திரையைத் தேடுவோம். டஃபன்ட் கண்ணாடி என்றால் (டெம்பர்ட் என்று சொல்வதும் இதைத்தான்) ஒரு மூலையில் கம்பெனி பெயரும், IS 2553 என்ற எண்ணும் மங்கலாகப் பதிந்திருக்கும். நகத்தால் சுரண்டினால் போகாது. சுரண்டினால் உரிந்து வந்தால் அது வெறும் ஸ்டிக்கர், அதை நம்ப வேண்டாம். ஆனால் பழைய கதவுக் கண்ணாடியில் முத்திரை பெரும்பாலும் கீழே கதவைப் பிடிக்கிற உலோக பிட்டிங்குக்குள் மறைந்திருக்கும், இல்லையென்றால் தேய்ந்துபோயிருக்கும். வாத்தியாருடையதில் கிடைக்கவில்லை. முத்திரை இல்லை என்பதால் சாதா கண்ணாடி என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

அடுத்தது ஓரம். லேமினேட்டட் கண்ணாடியை ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும். பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்த்தால் இரண்டு கண்ணாடி, நடுவில் மெல்லிய கோடு ஒன்று ஓடும். அந்தக் கோடுதான் பிவிபி என்கிற பிளாஸ்டிக் படலம். சாதாரணமாக 0.38 மில்லிமீட்டர் இருக்கும், தேவைக்கு ஏற்ப 0.76, 1.52 என்றும் வரும். கடையில் யாராவது “6.38 கிளாஸ்” என்றால் மூன்று மில்லிமீட்டர் கண்ணாடி இரண்டு, நடுவில் அந்தப் படலம் என்று கணக்கு. மழைத் தண்ணீர் குடித்த பழைய லேமினேட்டட் ஓரத்தில் பால் ஊற்றியதுபோல் வெள்ளை படர்ந்திருக்கும். இங்கே கோடும் இல்லை, வெள்ளையும் இல்லை. ஒரே கண்ணாடிதான்.

அப்படியானால் சாதாவா, டஃபன்டா? சிலர் தட்டிப் பார்த்துச் சத்தத்தை வைத்துச் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சிலர் ஆணியால் கீறிப் பார்ப்பார்கள், அது இன்னும் வீண். டஃபன்ட் செய்வதால் கண்ணாடியின் பலம் கூடுமே தவிர, கீறலைத் தாங்கும் கடினம் கூடாது. ஓரம் பாலிஷ் செய்திருப்பதும் சாட்சி ஆகாது, சாதா கண்ணாடிக்கும் பாலிஷ் போடுகிறோம்.

[காட்சி: மேஜைமேல் லேப்டாப், திரை முழுக்க வெள்ளை. பக்கத்தில் ஒரு கூலிங் கிளாஸ்.]

நான் நம்புகிற சோதனை இதுதான். எல்சிடி திரை உள்ள லேப்டாப்பில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்துகொள்ளுங்கள். போலரைஸ்டு கூலிங் கிளாஸை முகத்துக்கு நேரே பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். ஒரு கோணத்தில் திரை இருண்டுபோக வேண்டும். எவ்வளவு திருப்பினாலும் இருளவில்லை என்றால் அது வெறும் கறுப்புக் கண்ணாடி, இந்த வேலைக்கு ஆகாது. திரை இருண்ட கோணத்திலேயே கையை நிறுத்தி, சோதிக்கிற கண்ணாடியை நடுவில் கொண்டுவாருங்கள். சாதா கண்ணாடி என்றால் இருட்டு அப்படியே இருக்கும். டஃபன்ட் என்றால் இருட்டுக்குள் வெளிச்சப் பட்டைகளும் புள்ளிகளும் தெரியும், ஓரத்திலும் ஓட்டையைச் சுற்றியும் இன்னும் நன்றாக.

வாத்தியாருடைய கண்ணாடியில் சிறுத்தைத் தோல்போலப் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. “அட, இத்தனை நாள் இது எங்கே இருந்துச்சு?” என்று கூலிங் கிளாஸைக் கழற்றி மாட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்தப் புள்ளிகள் என்ன? சாதா கண்ணாடியைச் சூளையில் 620 டிகிரிக்கு மேல் சூடாக்கி, வெளியே வந்ததும் இரண்டு பக்கமும் காற்றைப் பீய்ச்சி அடித்துச் சடாரென்று குளிர வைப்பார்கள். வெளித்தோல் முதலில் இறுகிவிடும். உள்ளே இருப்பது பிறகு குளிர்ந்து சுருங்கப் பார்க்கும், தோல் விடாது. அதனால் தோல் எப்போதும் அமுக்கத்தில் இருக்கும், நடுப்பகுதி எப்போதும் இழுபட்டுக்கொண்டிருக்கும். அந்த அழுத்தம் எல்லா இடத்திலும் சமமாக விழுவதில்லை. காற்று அடித்த தடம்தான் புள்ளியாகத் தெரிகிறது.

சாதா கண்ணாடியைப்போல நாலைந்து மடங்கு பலம் இதற்கு வருவது அந்த அமுக்கத்தால்தான். வெட்ட முடியாததற்கும் அதுவே காரணம். அமுக்கத்தில் உள்ள தோல் ஒவ்வொரு பக்கமும் கனத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு. 12 மில்லிமீட்டர் கண்ணாடிக்கு இரண்டரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். விரிசல் அதைத் தாண்டி உள்ளே போனால், இழுபட்டுக்கொண்டிருந்ததெல்லாம் ஒரே நேரத்தில் அவிழ்ந்து மொத்தமும் பொடிப்பொடியாகிவிடும். வெட்டுவது, துளை போடுவது, மூலை உருட்டுவது எல்லாம் சூளைக்குப் போகும் முன்பே முடிந்திருக்க வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஒற்றை விரிசலோடு ஒரு கண்ணாடி நிற்கிறதென்றால், அது டஃபன்ட் இல்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

“அப்ப இது வீணாங்க தம்பி?”

வீண் இல்லை. கண்ணாடிக்கு ஏற்ப டேபிளைச் செய்யலாமே. மரத்தை எந்த அளவுக்கும் அறுக்கலாம். ஆனால் எடையைக் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு, கனத்தில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இரண்டரை கிலோ. ஏழுக்கு மூன்றடி என்றால் சுமார் 1.95 சதுர மீட்டர். 12 மில்லிமீட்டருக்கு 58 கிலோவுக்கு மேல் வருகிறது. எட்டு பேர் சுற்றி உட்காரலாம், ஸ்டாண்டு ஆடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

[காட்சி: கண்ணாடியின் ஓரம் முழுக்க விரலால் தடவிப் பார்க்கும் கை.]

ஸ்டாண்டு செய்யச் சொல்வதற்கு முன் ஓரத்தைச் சுற்றிலும் தடவிப் பார்த்தேன். டஃபன்ட் கண்ணாடிக்கு உயிர்நிலை ஓரமும் மூலையும்தான். நடுவில் குத்தினால் தாங்கும், மூலையில் டைல்ஸ் தரையில் இடித்தால் போய்விடும். கீழ் பிட்டிங் இருந்த இடத்தில் நெல்மணி அளவுக்குச் சில்லு பெயர்ந்திருந்தால்கூட வேண்டாம் என்றிருப்பேன். நல்லவேளை, சுத்தமாக இருந்தது. பிட்டிங்குக்காக வெட்டிய வளைவு இரண்டு மூலையில் இருக்கிறது, அது இருந்துவிட்டுப் போகட்டும். கண்ணாடி நேராக மரத்திலோ இரும்பிலோ உட்காரக் கூடாது, நடுவில் ரப்பர் புஷ் வேண்டும்.

ஒரு விஷயம் மறைக்காமல் சொல்கிறேன். டஃபன்ட் கண்ணாடி அபூர்வமாக யாரும் தொடாமலே வெடிப்பது உண்டு. தயாரிக்கும்போது உள்ளே மாட்டிக்கொண்ட நிக்கல் சல்பைடு துகள், காலப்போக்கில் மெல்லப் பெரிதாவது ஒரு காரணம். புதிதாக வாங்கும்போது, பேக்டரியிலேயே மறுபடி சூடேற்றிச் சோதித்ததை, அதாவது ஹீட் சோக் செய்ததைக் கேட்டு வாங்கினால் அந்த ஆபத்து வெகுவாகக் குறையும். சந்தேகத் துகள் உள்ளதெல்லாம் பேக்டரி சூட்டிலேயே உடைந்து ஒழிந்திருக்கும்.

அப்படியானால் டேபிளுக்குச் சாதா கண்ணாடியே போடக் கூடாதா? கீழே முழுப்பலகை இருந்து, மரத்தின் மெருகு போகாமலிருக்க மேலே விரிப்பதுபோல் போடுவதென்றால், ஆறு மில்லிமீட்டர் சாதா போதும். ஓரம் பாலிஷ் மட்டும் செய்துகொள்ளுங்கள். அடுப்பிலிருந்து இறக்கிய குக்கரை நேராக வைக்கக் கூடாது. ஒரு இடம் மட்டும் நாற்பது டிகிரி வாக்கில் கூடுதலாகச் சூடேறினாலே சாதா கண்ணாடி விரிசல் விடலாம். டஃபன்ட் இருநூறு டிகிரி வித்தியாசம்வரை தாங்கும். கீழே பலகை இல்லாமல் காலில் மட்டும் நிற்கிற டேபிளுக்கு நான் சாதா கண்ணாடி கொடுப்பதில்லை. உடைந்தால் கத்தி மாதிரி நீளத் துண்டுகள் நேராகத் தொடையில் இறங்கும்.

[காட்சி: மாடிப்படித் திருப்பத்தில் தரை வரை இறங்கும் வெற்றுச் சட்டம். வெளியே தென்னைகள் காற்றில் சாய்கின்றன.]

இப்போது ஜன்னல். கம்பி போட்ட சின்ன மரஜன்னலுக்கு நாலு, ஐந்து மில்லிமீட்டர் சாதாவே போதும், அதில் பேச ஒன்றுமில்லை. வாத்தியார் வீட்டில் கேள்வி மாடிப்படித் திருப்பத்தில் இருந்தது. தரையிலிருந்தே தொடங்கி ஏழு அடி உயரத்துக்கு ஜன்னல், கம்பி இல்லை, மேற்குப் பார்த்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வருகிற காற்று எப்படியென்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேரப்பிள்ளைகள் வேறு படியில் ஓடுகிறார்கள்.

இங்கே டஃபன்ட் மட்டும் போட்டால் என்ன ஆகும்? உடைந்தால் காயம் குறைவு, சரி. ஆனால் முழுக் கண்ணாடியும் உதிர்ந்து, மாடியில் ஆள் விழுகிற அளவுக்கு ஓட்டை விழும். லேமினேட்டட் உடைந்தால் துண்டுகள் படலத்தில் ஒட்டிக்கொண்டு அங்கேயே நிற்கும். காரில் முன்கண்ணாடிக்கு லேமினேட்டட் போடுவது அதனால்தான். பக்கவாட்டுக் கண்ணாடிகள் பெரும்பாலும் டஃபன்ட், தேவைப்பட்டால் உடைத்து வெளியே வரலாம். ஆனால் சாதா கண்ணாடியில் செய்த லேமினேட்டடுக்குப் பலம் கூடுவதில்லை, ஒட்டிக்கொண்டு நிற்கும் குணம் மட்டும்தான் கூடுகிறது. காற்றும் பலமாக இருப்பதால் டஃபன்ட் இரண்டை வைத்து லேமினேட் செய்ததைச் சொன்னேன். அதிலும் ஒரு குறை உண்டு. இரண்டு பக்கமும் ஒருசேர உடைந்தால் ஈரத் துணி மாதிரித் தொங்கிவிடும். அதனால் நான்கு பக்கமும் சட்டம் ஆழமாகப் பிடித்திருக்க வேண்டும். கனம் எவ்வளவு என்பதை ஜன்னல் அளவையும் காற்றையும் வைத்து இன்ஜினியர் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும்.

பொருத்துகிறவரிடம் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். வினிகர் வாசம் அடிக்கிற சிலிகான் லேமினேட்டட் ஓரத்தில் படக் கூடாது, அது படலத்தைக் கெடுக்கும். நியூட்ரல் சிலிகான் என்று கேட்டு வாங்க வேண்டும். சட்டத்தின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டையும் வேண்டும்.

“அப்ப ஜன்னலுக்கு இந்த மிச்சம் ரெண்டடி...” என்று ஆரம்பித்த வாத்தியார், தானே சிரித்துவிட்டார்.

[காட்சி: அதே கண்ணாடி, ஜமுக்காளத்தோடு மறுபடி வண்டியில் ஏறுகிறது, நெட்டுக்குத்தலாக. அடியில் ரப்பர் ஷீட்.]

படுக்க வைத்து அனுப்பவில்லை, பாருங்கள். வேலந்தாவளம் வழியாகச் சுற்றிப்போனால் வேகத்தடை குறைவு என்று டிரைவரிடமும் சொல்லி அனுப்பினேன்.