120 இடங்களில் ஏன் எடை போட்டோம்

வணக்கம். சேலத்தில் ஆடிட்டராக இருக்கிறேன். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி ஒரு கேள்வி கேட்பார்கள். "போன வருஷம் வந்தீங்க, கொஞ்சம் பார்த்துட்டுப் போயிட்டீங்க, இந்த வருஷம் ஏன் சார் பட்டறை பட்டறையா வந்து எடை போடுறீங்க, எங்க மேல நம்பிக்கை இல்லையா?" இது நம்பிக்கையைப் பற்றிய விஷயம் இல்லை. எவ்வளவு சோதிக்க வேண்டும் என்பதை ஒரு கணக்கு முடிவு செய்கிறது, அந்தக் கணக்கைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

ஒரு கொலுசு வியாபார நிறுவனத்தையே எடுத்துக்கொள்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன், எண்களையும் மனதில் நிற்பதற்காக முழு எண்களாக்கியிருக்கிறேன். மார்ச் 31 அன்று அவர்கள் புத்தகத்தில் இருந்த வெள்ளி இருப்பு 4 கோடி ரூபாய். அதில் பாதி கடை லாக்கரில், மீதிப் பாதி ஊருக்குள்ளும் சுற்றுப்பட்டிலும் இருக்கிற பட்டறைக்காரர்களிடம். கட்டியாகக் கொடுப்பார்கள், கொலுசாகத் திரும்பி வரும், நடுவில் சேதாரம் கழியும், கூலி ஏறும். இந்த இருப்பில் 10 லட்சத்துக்கு மேல் தப்பு இருந்தால் அது கணக்கைப் படிக்கிறவரின், உதாரணத்துக்குக் கடன் கொடுக்கும் வங்கியின் முடிவையே மாற்றிவிடும் என்று வைத்துக்கொண்டோம். அவ்வளவு பெரிய தப்பு உள்ளே இருந்தும் நான் "கணக்கு சரி" என்று கையெழுத்துப் போட்டுவிடும் வாய்ப்பு இருக்கிறதே, அதற்குத்தான் தணிக்கை இடர், ஆடிட் ரிஸ்க் என்று பெயர். அதை 5 சதவீதத்துக்குள் வைப்பது என்பது எங்கள் அலுவலகத்தின் முடிவு. தரநிலைகள் எந்தச் சதவீதத்தையும் கட்டாயமாக்கவில்லை, அதிகம், நடுத்தரம், குறைவு என்று வார்த்தையில் சொன்னாலும் போதும். எண்ணில் சொன்னால் விளங்க எளிது, அவ்வளவுதான்.

அந்த 5 சதவீதம் மூன்று பங்கின் பெருக்கல். முதல் பங்கு உள்ளார்ந்த இடர். கட்டுப்பாடு எதுவுமே இல்லை என்று வைத்துக்கொண்டால், இந்தப் பொருளின் இயல்பிலேயே தப்பு வர எவ்வளவு இடம் இருக்கிறது என்பது. ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டின் நிலம் ராத்திரியோடு ராத்திரியாக இடம் மாறாது. அங்கே பார்க்க வேண்டியது பட்டா யார் பெயரில் என்பது, நிலம் இருக்கிறதா என்பதை விட. வெள்ளி அப்படி இல்லை. சின்ன பொட்டலத்தில் லட்சம் இருக்கும், இன்னொருவர் கையில் இருக்கும், கண்ணால் பார்த்தால் டச் தெரியாது. ஒரு கிலோ கொலுசு 80 டச் என்றால் உள்ளே 800 கிராம் சுத்த வெள்ளி, 60 டச் என்றால் 600 கிராம். தராசுக்கு இரண்டும் ஒரு கிலோதான். ஆகவே உள்ளார்ந்த இடரை முழுசாக, 100 சதவீதம் என்றே வைத்தோம்.

இரண்டாவது கட்டுப்பாட்டு இடர். அப்படி வருகிற தப்பை நிறுவனத்தின் சொந்த ஏற்பாடே பிடிக்காமல் விட்டுவிடும் வாய்ப்பு. இந்தக் கடையில் ஓர் ஏற்பாடு இருந்தது: மாதம் ஒருமுறை பட்டறை இருப்பை நேரில் எடை போட்டு, சலானோடு ஒத்துப்பார்த்து, மேலாளர் ஒரு பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். நல்ல ஏற்பாடு. அதை நம்பி 50 சதவீதம் என்று திட்டத்தில் எழுதினேன்.

இந்த இரண்டும் நிறுவனத்துடையவை. நான் எவ்வளவு பாடுபட்டாலும் அவற்றைக் குறைக்க முடியாது, மதிப்பிட மட்டுமே முடியும். மூன்றாவதான கண்டறிதல் இடர் என்னுடையது. தப்பு வந்துவிட்டது, கடையும் பிடிக்கவில்லை, என் சோதனையும் அதைத் தவறவிட்டுவிட்டது என்கிற வாய்ப்பு. முதல் இரண்டும் ஏறினால் இதை நான் இறக்கியாக வேண்டும், இறக்க வேண்டுமென்றால் வேலையைக் கூட்ட வேண்டும். 5 சதவீதத்தை 100-ஆலும் 50-ஆலும் வகுத்தால் எனக்கு மிஞ்சுவது 10 சதவீதம்.

சரி, 10 சதவீதம் என்றால் எத்தனை பொட்டலம்? ரூபாய் மதிப்பை வைத்து மாதிரி எடுக்கும் முறையில், தப்பு எதுவும் இருக்காது என்ற எதிர்பார்ப்போடு போகும்போது, 10 சதவீதத்துக்கு 2.3 என்று ஒரு பெருக்குத்தொகை உண்டு. 5 சதவீதத்துக்கு 3. 25 சதவீதத்துக்கு சுமார் 1.4. இருப்பு 4 கோடியை, நாம் பொறுக்கக்கூடிய தப்பான 10 லட்சத்தால் வகுத்தால் 40. அதை 2.3-ஆல் பெருக்கினால் 92. ஆக, 92 இடங்களைத் தேர்ந்தெடுத்து எடையும் டச்சும் பார்க்க வேண்டும். இதுதான் திட்டம்.

அப்புறம் அந்தப் பதிவேட்டைக் கேட்டு வாங்கினேன். கட்டுப்பாடு இருக்கிறது என்று உரிமையாளர் வாயால் சொன்னது ஆதாரம் ஆகாது, அது ஆண்டு முழுதும் வேலை செய்ததா என்று சோதித்த பிறகுதான் 50 என்று வைக்கும் உரிமையே எனக்கு வருகிறது. ஏப்ரல் முதல் ஜனவரி வரை பத்துப் பக்கம், பத்துக் கையெழுத்து. எல்லாம் ஒரே நீல மை, ஒரே அழுத்தம், ஒரே சாய்வு. ஏப்ரல் பக்கத்தைப் புரட்டினேன், எடை எழுதும் கட்டம் வெறுமையாக இருந்தது, கீழே கையெழுத்து மட்டும் சுத்தமாக இருந்தது. ஆகஸ்ட்டிலும் அப்படித்தான். மேலாளரிடம் தனியாகக் கேட்டேன். நல்ல மனிதர், மறைக்கவில்லை: ஆடிட் வருகிறது என்றதும் ஒரே உட்காரலில் போட்டதாகச் சொன்னார்.

அந்த நிமிஷத்தில் 50 சதவீதம் செத்துவிட்டது. கட்டுப்பாட்டு இடர் 100. 5-ஐ 100-ஆலும் 100-ஆலும் வகுத்தால் என் பங்கு வெறும் 5 சதவீதம், 40-ஐ 3-ஆல் பெருக்கினால் 120 இடம். 92 எங்கே, 120 எங்கே. கூடுதல் 28 இடத்தைப் போட்டது அந்த நீல மைதான்.

இங்கேதான் எங்கள் தொழிலில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள், அதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. நேரம் இல்லை, ஆள் இல்லை என்றால் உள்ளார்ந்த இடரை 50 என்றும் கட்டுப்பாட்டு இடரை 40 என்றும் எழுதிவிட முடியும். பெருக்கினால் 20, 5-ஐ அதால் வகுத்தால் 25 சதவீதம், மாதிரி 56-க்கு இறங்கிவிடும். பேனாவால் இரண்டு எண்ணை மாற்றினால் பாதிக்கு மேல் வேலை காணாமல் போகிறது. வெள்ளி மாறவில்லை, பட்டறை மாறவில்லை. கோப்பைப் பார்க்கிறவர் இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. 40 என்று எழுதிய வரிக்குப் பக்கத்தில், எந்த மாதத்து ஒத்துப்பார்ப்பை எடுத்து நீங்களே மறுபடி செய்து பார்த்தீர்கள் என்ற தாள் இருக்கிறதா என்று தேடுங்கள். தாள் இல்லையென்றால் அந்த 40 வெறும் ஆசை.

இன்னொன்று. எண்ணிக்கையைக் கூட்டினால் மட்டும் கண்டறிதல் இடர் குறைந்துவிடாது. 120 பொட்டலத்தையும் சீல் பிரிக்காமல் தராசில் வைத்து எழுதிக்கொண்டு வந்தால், டச்சைப் பொறுத்தவரை நான் ஒன்றையும் சோதிக்கவில்லை. டச் பார்க்கும் மெஷினில் வைத்தாலும் அது மேற்பரப்பைத்தான் படிக்கும், உள்ளே வேறு உலோகம் வைத்து மேலே வெள்ளிப் பூச்சு கொடுத்திருந்தால் ஏமாறும். ஆகவே சிலவற்றை வெட்டி உருக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. நாளும் மாறியது. பிப்ரவரியில் எண்ணிவிட்டு மார்ச் வரை புத்தகத்தில் தொடரலாம் என்ற திட்டத்தைக் கைவிட்டு, மார்ச் 31 அன்றே எல்லாப் பட்டறைக்கும் ஒரே நேரத்தில் ஆள் அனுப்பினோம். வேறு வேறு நாளில் போனால், காலையில் ஒரு பட்டறையில் எடை போட்ட கட்டி மறுநாள் பக்கத்துப் பட்டறையில் நம்மை வரவேற்கும்.

அதே கடையின் வங்கிக் கடன் கணக்குக்கு இந்தக் கூத்து எதுவும் தேவைப்படவில்லை. ஒரே வங்கி, ஒரே கடன், வங்கியிடமிருந்து நேராக எங்களுக்கு வந்த உறுதிக் கடிதம், வட்டிக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தது, முடிந்தது. ரிஸ்க் குறைவு என்பதற்காக அதையும் தொடாமல் விட முடியாது. தொகை பெரிது என்றால், ரிஸ்க் எவ்வளவு குறைவாக மதிப்பிட்டாலும், நேரடிச் சோதனை கொஞ்சமாவது செய்தே ஆக வேண்டும். மூன்றில் எந்தப் பங்கும் பூஜ்யம் ஆகாது, ஏனென்றால் அந்த மதிப்பீட்டிலேயே நாம் தவறியிருக்கலாம்.

எடை போட்ட கதைக்கு வருகிறேன். 4 கோடியை 120-ஆல் வகுத்தால் சுமார் 3.33 லட்சம், அதாவது அவ்வளவு ரூபாய் இடைவெளிக்கு ஓர் இடம் மாதிரியில் வரும். இந்த முறையில் அதற்கு மேல் இருக்கிற எந்த இருப்பும் தானாகவே மாதிரிக்குள் வந்துவிடும், தப்பவே தப்பாது. புத்தகத்தில் ஆளுக்கு 3.9 லட்சம் இருப்பு காட்டியிருந்த மூன்று பட்டறைகள் அப்படி வந்தன. போனால், மூன்றும் பூட்டியிருந்தன. விசாரித்ததில் ஒருவர் கோயம்புத்தூர் பக்கம் போய்விட்டார், மற்ற இருவரும் தொழிலையே விட்டுவிட்டார்கள். அவர்களுக்குத் தர வேண்டிய பழைய கூலிக்குப் பதிலாக, கையில் இருந்த வெள்ளியையே வைத்துக்கொள்ளச் சொல்லிக் கடைக்காரர் கணக்குத் தீர்த்திருந்தார். யாரும் ஏமாற்றவில்லை, புத்தகத்தில் எழுதத்தான் விட்டுப்போயிற்று. ஆளுக்கு 5.2 கிலோ சுத்த வெள்ளி, நாங்கள் எடுத்துக்கொண்ட விலையான கிலோ 75,000 ரூபாயில் மூன்றும் சேர்ந்து 11.7 லட்சம். நாம் பொறுக்க மாட்டோம் என்று சொன்ன 10 லட்சத்தைத் தாண்டிவிட்டது.

56 இடம் மட்டும் எடுத்திருந்தால் இடைவெளி 7.14 லட்சம் ஆகியிருக்கும், அந்த 3.9 லட்சப் பட்டறை ஒவ்வொன்றும் மாதிரியில் வருமா வராதா என்பது கிட்டத்தட்ட பாதிக்குப் பாதிதான்.

உரிமையாளர் இருப்பைக் குறைத்தார், கூலிச் செலவை ஏற்றினார், வங்கிக்குத் திருத்திய கணக்குதான் போயிற்று. அடுத்த வருஷம் டிசம்பரிலேயே போய் அந்தப் பதிவேட்டைக் கேட்டேன். ஏப்ரல் பக்கத்தில் கிராம் வரை எடை எழுதியிருந்தது, ஜூனில் ஒரு பட்டறையில் 240 கிராம் குறைகிறது என்று சிவப்பில் வட்டம் போட்டு, பட்டறைக்காரர் பதிலையும் பக்கத்திலேயே எழுதியிருந்தார்கள். நாலு மாதத்தை எடுத்துச் சலானோடு நாங்களே மறுபடி ஒத்துப்பார்த்தோம், சரியாக வந்தது. மார்ச் வரைக்கும் அது தொடர்ந்ததா என்று பார்த்துக்கொண்டு, அந்த வருஷம் 92 இடத்தில் எடை போட்டோம்.