ஒரு இறப்பர் வளையம், ஒரு அதிர்வு: அம்மம்மாவின் கண் மருந்தை நினைவூட்டும் போன்

வணக்கம். கல்லடியிலுள்ள எங்கள் வீட்டு மேசையில், ஏறத்தாழ ஒரே அளவில் இரண்டு கண் மருந்துப் போத்தல்கள் இருக்கின்றன. ஒன்றின் கழுத்தில் ஒரு இறப்பர் வளையமும் மற்றதில் இரண்டும் போட்டிருக்கிறோம். அந்த வளையங்களை எண்ணித்தான் அம்மம்மாவின் போன் அதிர்கிறது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவருக்குக் குளுக்கோமா, அதாவது கண் அழுத்த நோய். ஒரு வளையப் போத்தலிலுள்ள டிமோலோல் காலை எட்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும், இரண்டு வளையப் போத்தலிலுள்ள லட்டானோப்ரோஸ்ட் இரவில் மட்டும். ஒரு துளிக்கும் அடுத்த துளிக்கும் இடையில் ஐந்து நிமிடமாவது விட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது துளி முதலாவதைக் கழுவிக்கொண்டு போய்விடும்.

முதலில் எழுத்தின் அளவைப் பார்ப்போம், ஏனெனில் எங்களை வியக்க வைத்த பாடம் இங்கேதான் கிடைத்தது. பார்வை குறைந்தவர் என்றதும் எழுத்தை இயன்ற மட்டும் பெரிதாக்கி வைத்தோம். அம்மம்மாவோ முன்பைவிடக் கூடுதலாகத் தடுமாறினார். குளுக்கோமா பெரும்பாலும் ஓரப் பார்வையையே முதலில் அரிக்கும். எஞ்சுவது ஒரு குழாய்க்குள்ளால் பார்ப்பது போன்ற ஒடுங்கிய வட்டம். அந்த வட்டத்துக்குள் இராட்சத எழுத்தொன்றின் கால்வாசிதான் அடங்கும். விழித்திரையின் நடுப்பகுதி பழுதடைந்தவருக்கு நிலைமை நேரெதிர்: அவருக்குப் பெரிய எழுத்துத்தான் கைகொடுக்கும். ஆகவே எழுத்தின் அளவை நீங்கள் தீர்மானிக்காதீர்கள். போனை அவர் கையில் கொடுத்து, ஒரு சொல்லை முழுதாக வாசிக்க முடிகிற அளவில் நிறுத்துங்கள்.

இதில் தமிழுக்கென்று தனியாக ஒரு தொல்லையும் உண்டு. "இரவில் கண்ணுக்கு இரண்டு வளையப் போத்தல் மருந்து விட வேண்டும்" என்று அலாரத்துக்குப் பெயரிட்டால், பெரிய எழுத்தில் "இரவில்" என்பதோடு வரி வெட்டுப்பட்டு, எந்தப் போத்தல் என்பது மறைந்துவிடும். நாங்கள் வெறுமனே 1, 2 என்று பெயரிட்டோம். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, கூச்சம் குறைவு.

அடுத்தது குரல். போனில் வரும் ஆயத்தக் குரலை விட்டுவிட்டு, மாமாவின் குரலைப் பதிந்து அதையே அலார ஒலியாக வைத்தோம். என் குரல் இனிமையானது என்பது என் கருத்து; ஆனால் முதுமையில் செவி முதலில் இழப்பது உயர்ந்த சுரங்களைத்தான், ஆகையால் மாமாவின் கனத்த குரலே வென்றது. "அம்மா, அம்மா, ஒரு வளையப் போத்தல்" என்பதே வாசகம். விளிப்பு இருமுறை வருவதற்குக் காரணமுண்டு: மின்விசிறியின் இரைச்சலில் முதற்சொல் எப்போதும் தொலைந்துபோகும், தொலைவது விளிப்பாகவே இருக்கட்டும். அலாரத்தின் ஒலி மெல்ல மெல்ல உயரும் அமைப்பு இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள்; மணிக்கு அது பொருந்தும், பேச்சுக்குப் பொருந்தாது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அதிர்வு. பலர் காலைக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என நேரத்தை வைத்து அதிர்வைப் பிரிக்கிறார்கள். நேரம் அம்மம்மாவுக்குத் தெரியும். தெரியாதது எந்தப் போத்தல் என்பதுதான். ஆகவே காலை எட்டுக்கும் இரவு எட்டுக்கும் ஒற்றை அதிர்வு, இரவு எட்டுப் பத்துக்கு இரட்டை அதிர்வு. விரல் போத்தலில் தொட்டு உணர்வதும் இடுப்பில் செருகிய போனில் உணர்வதும் ஒரே எண். சாம்சங் போன்களின் அலாரத்தில் அதிர்வு வகைகளின் பட்டியல் உண்டு. இதயத் துடிப்பு என்ற வகை இரட்டையாக அடிக்கும். ஐபோனில் திரையை விரலால் தட்டி உங்கள் தாளத்தையே பதியலாம். அவ்வாறு பதியும்போது தட்டல்களுக்கு நடுவே அரை விநாடியளவு இடைவெளி விடுங்கள். மிக நெருக்கமாகத் தட்டினால் இரண்டும் கலந்து ஒன்றாகிவிடும். மூன்று தாளங்களுக்கு மேல் வேண்டாம், நினைவில் நிற்காது.

இப்போதே உங்கள் போனை மரமேசையில் வைத்து அதிரவிட்டுப் பாருங்கள்: எல்லாத் தாளமும் ஒரே உறுமலாகத்தான் கேட்கும். பஞ்சு மெத்தையில் வைத்தால் அதுவுமில்லை. ஆகவே அம்மம்மாவின் போன் இடுப்பில் செருகிய துணிப் பையில், உடலோடு ஒட்டி இருக்கிறது.

ஒரு குறை மட்டும் மீதியிருந்தது. அலாரம் நிறுத்தப்பட்டதைப் போன் அறியும். துளி விடப்பட்டதை அது அறியாது. ஒருநாள் அம்மம்மா அலாரத்தை அணைத்துவிட்டு, வாசலில் மீன்காரரின் குரல் கேட்டு எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து அலாரம் அடித்ததும் அதை ஒத்திவைப்பார், துளியை விட்டபின் போத்தலை வலக் கிண்ணத்திலிருந்து இடக் கிண்ணத்துக்கு மாற்றுவார், மறுபடி அடிக்கும்போதுதான் முற்றாக அணைப்பார். வலக் கிண்ணத்தில் கை வைத்து, அங்கே அந்தப் போத்தல் இருந்தால் இன்னும் விடவில்லை. இரவு எட்டு மணிக்கு முன்பும் படுக்கப் போகுமுன்பும் போத்தல்களைத் திரும்ப வலக் கிண்ணத்தில் வைப்பது என் வேலை.