கை பில்லு மட்டும் குடுக்கற கடைல வாங்குனா, கணக்குல எப்படி ஏத்தறது?

நேயர்களுக்கு வணக்கம். கோயமுத்தூர்ல சின்ன சின்ன பவுண்டரி, லேத் பட்டறைக்கெல்லாம் கணக்கு பாக்கறது என் தொழில். ஆடிட்டருக்கு அனுப்பறதுக்கு முன்னாடி பைலைப் பிரிச்சா கம்ப்யூட்டர் பில்லுக்கு நடுவுல துண்டு துண்டா கைல எழுதுன சீட்டு வரும், "சாக்கு 40, ரூ.1200"னு இருக்கும், கடை பேரு கூட இருக்காது. இதையெல்லாம் கணக்குல ஏத்தலாமா கூடாதான்னு கேக்கறாங்க, அதைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசறேன்.

முதல்ல ஒரு விஷயம், பில்லு கைல எழுதுனதுங்கறதோ அதுல ஜிஎஸ்டி நம்பர் இல்லங்கறதோ தப்பே இல்ல. தமிழ்நாட்டுல பொருள் விக்கறவருக்கு வருஷ விற்பனை 40 லட்சம் தாண்டுனாத்தான் பொதுவா ஜிஎஸ்டி பதிவு எடுக்கணும், வேலை செஞ்சு குடுக்கறவருக்கு அது 20 லட்சம். சாக்கு தெச்சுக் குடுக்கற அக்காவும் விறகு கடைக்காரரும் அதுக்குள்ளதான் இருப்பாங்க, அவங்க வரி வாங்கவே கூடாது, அதனால வரி இல்லாத பில்லு குடுக்கறதுதான் சரி. பதிவு இல்லாத ஆளு "ஜிஎஸ்டி சேத்தி"னு எழுதி 18 பர்சென்ட் வாங்குனார்னாத்தான் பிரச்சனை, அந்தக் காசு போனது போனதுதான், வாங்கறப்ப குடுத்த வரியை நீங்க கட்ட வேண்டிய வரில கழிச்சுக்கற கிரெடிட் உங்களுக்குக் கிடைக்காது.

இன்னொரு ரகம் இருக்கு. பெரிய கடையா இருக்கும், போர்டுல ஜிஎஸ்டி நம்பரும் இருக்கும், ஆனா "பில்லு வேணும்னா 18 சேரும், வேண்டாம்னா இந்த ரேட்டு"ன்னு சொல்லி ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் குடுப்பாங்க. அது சின்ன வியாபாரி பில்லு இல்லைங்க, வரி ஏய்ப்பு. சந்தேகம் இருந்தா gst.gov.in போய் Search Taxpayer-ல அந்த நம்பரைப் போட்டுப் பாருங்க, தமிழ்நாட்டு நம்பர்னா 33ல ஆரம்பிக்கும், 15 எழுத்து இருக்கும், பதிவு உயிரோட இருக்கா கேன்சல் ஆயிருச்சான்னு அங்கயே தெரிஞ்சுரும். காம்போசிஷன் திட்டத்துல இருக்கறவங்களும் உண்டு, அவங்க பில்லுல வரி தனியா வராது, உங்களுக்கும் கிரெடிட் வராது, அவ்வளவுதான்.

சரி, விலை விஷயம். போல்ட் நட்டு வாங்கறீங்கன்னு வைங்க. பதிவு உள்ள கடைல 1000 ரூபா சரக்கு, வரியோட 1180. தெருமுனைக் கடைல வரியே இல்லாம 1100. 80 ரூபா மிச்சம்னு தோணும், ஆனா அந்த 180ஐ நீங்க கிரெடிட்டா எடுத்துக்கப் போறீங்க, அப்ப உங்களுக்கு அடக்கம் 1000தான், தெருமுனைக் கடைதான் 100 ரூபா அதிகம். அவர் 1000க்குக் கீழ குடுத்தாத்தான் உங்களுக்கு லாபம். இது கிரெடிட் எடுக்கறவங்களுக்கு மட்டுந்தான், 5 பர்சென்ட் போடற ஹோட்டல்காரங்களுக்கு கிரெடிட்டே கிடையாது, அவங்க மொத்த விலையைப் பாத்து வாங்கலாம்.

இப்ப அந்தத் துண்டுச் சீட்டை எப்படி ஆதாரமா மாத்தறது? கடைக்காரர்கிட்ட பில்லு புக்கு இல்லைன்னா நீங்களே ஒரு வவுச்சர் போடுங்க. தேதி, அவர் பேரு, ஊரு, போன் நம்பர், என்ன சரக்கு, எத்தனை, என்ன ரேட்டு, எந்த வேலைக்கு வாங்குனது, யார் போய் வாங்குனது, காசு வாங்குனவர் கையெழுத்து. ரொக்கம் 5000 தாண்டுனா ஒரு ரூபா ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அது மேல கையெழுத்து. அவர் குடுத்த சீட்டை, அழுக்கா இருந்தாலும் பரவால்ல, பின்னாடி பின் அடிச்சு வைங்க. சாமான் வந்து சேந்ததுக்கு ஸ்டாக் புக்குலயோ கேட் ரிஜிஸ்டர்லயோ ஒரு வரி இருந்துச்சுன்னா இன்னும் நல்லது, ஏன்னா வருமான வரில "நீ செலவு பண்ணியா, தொழிலுக்குத்தான் பண்ணியா"ன்னுதான் கேப்பாங்க.

செய்யவே கூடாதது ஒண்ணு இருக்கு. கடைல வெத்து பில்லு புக்கு வாங்கி மார்ச் மாசம் உக்காந்து நாமளே பழைய பில்லு எழுதறது. 101ஆம் நம்பர் பில்லு ஏப்ரல்ல, 102 ஆகஸ்ட்ல, 103 டிசம்பர்ல, எல்லாம் ஒரே கையெழுத்து ஒரே பேனா. எட்டு மாசத்துல அந்தக் கடைக்கு உங்களைத் தவிர வேற ஆளே வரலையான்னு ஆபீசர் கேட்டா என்ன சொல்லுவீங்க? ஒரு பொய் பில்லு மாட்டுச்சுன்னா அதுக்கப்புறம் நெஜமான துண்டுச் சீட்டையும் நம்ப மாட்டாங்க.

காசு குடுக்கறதுலயும் ஒரு கோடு இருக்கு, ஒரே ஆளுக்கு ஒரே நாள்ல ரொக்கமா 10,000க்கு மேல குடுத்தா பொதுவா அந்தச் செலவை வருமான வரில ஒத்துக்க மாட்டாங்க, லாரிக்காரங்களுக்கு மட்டும் 35,000 வரைக்கும் போகலாம். பேக்கிங் பொட்டி அடிக்கற ஆசாரிக்கு 14,000 குடுக்கணும், 7,000 7,000னு ரெண்டு பில்லா எழுதிட்டா தப்பிச்சிரலாம்னு நினைக்காதீங்க, ஒரு நாள் மொத்தத்தைத்தான் பாப்பாங்க, 14,000ம் லாபத்துல சேந்துரும். கம்பெனி அக்கவுண்ட்ல இருந்து யுபிஐல போட்டுருங்க, கதை முடிஞ்சுது. ஆனா யுபிஐல ஆசாரியோட மச்சான் பேரு வரும், பில்லுல ஆசாரி பேரு இருக்கும், அதை வவுச்சர்லயே ஒரு வரி எழுதி வச்சுக்கங்க, ரெண்டு வருஷம் கழிச்சு யாரு இதுன்னு நமக்கே ஞாபகம் வராது.

கடைசியா பவுண்டரிக்காரங்களுக்கு, இதுலதான் நெறையப் பேர் மாட்டறாங்க. சாதாரணமா பதிவு இல்லாதவர்கிட்ட வாங்குனா வாங்கறவர் தலைல வரி விழாது, 2017ல ஆரம்பத்துல அப்படி ஒரு விதி வந்து சில மாசத்துலயே நிறுத்திட்டாங்க. ஆனா சில சரக்குக்கு மட்டும் வாங்கறவர்தான் கட்டணும், ரிவர்ஸ் சார்ஜ்னு சொல்லுவாங்க. 2024 அக்டோபர் 10ல இருந்து பதிவு இல்லாதவர்கிட்ட வாங்கற உலோக ஸ்கிராப்பும் அந்த லிஸ்ட்டுல இருக்கு. பழைய இரும்புக் கடைல ஒரு டன்னு கிலோ 32 ரூபான்னு வாங்குனீங்கன்னு வைங்க, 32,000. கடைக்காரர் கைச்சீட்டும் எடை மேடைச் சீட்டும் குடுப்பார், அதோட நிக்கக் கூடாது. சரக்கு வந்த 30 நாளுக்குள்ள உங்க பேர்லயே ஒரு செல்ஃப் இன்வாய்ஸ் போடணும், 18 பர்சென்ட் 5,760 ரூபாயை ஜிஎஸ்டி போர்ட்டல்ல இருக்கற ரொக்க லெட்ஜர்ல இருந்து கட்டணும், கைல இருக்கற கிரெடிட்டை வச்சு கழிக்க முடியாது. ஜிஎஸ்டிஆர் 3பில 3.1(d)ல காட்டி, அதே 5,760ஐ 4(A)(3)ல கிரெடிட்டா எடுத்துக்கலாம். கட்டி எடுக்கறதுதானே, நட்டமில்லையேன்னு விட்டுராதீங்க, கட்டாம விட்டது பின்னாடி தெரிஞ்சா வட்டி 18 பர்சென்ட், அந்த வட்டிக்கு கிரெடிட் கிடையாது. இந்த மாசப் பர்ச்சேஸ் லிஸ்ட்டுல நம்பர் இல்லாத பார்ட்டி எல்லாத்தையும் தனியாப் பிரிச்சு, அதுல ஸ்கிராப்பு எதுன்னு மட்டும் பாருங்க, 3பி போடறதுக்கு முன்னாடி பாத்தா அரை மணி நேர வேலை. வணக்கம்.