குளிரிலும் வெப்பத்திலும் ஃபெர்மி மட்டம்

அவையோருக்கு வணக்கம். ஃபெர்மி மட்டம் என்பது, அங்கே எலக்ட்ரானுக்கு ஓர் இடம் இருக்குமானால் அது நிரம்பியிருக்க ஐம்பது விழுக்காடு வாய்ப்புள்ள ஆற்றல். ‘இருக்குமானால்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். குறைகடத்தியில் அம்மட்டம் பெரும்பாலும் எலக்ட்ரான் தங்கவே முடியாத ஆற்றல் இடைவெளிக்குள் கிடக்கிறது. பாதி நிரம்பிய மட்டம் என்றதும் அங்கே எலக்ட்ரான்கள் இருப்பதாக எண்ணிவிடுவதே மாணவர்களிடம் நான் அடிக்கடி காணும் பிழை.

தூய சிலிக்கானில் கடத்தல் பட்டைக்கு ஏறும் ஒவ்வோர் எலக்ட்ரானும் இணைதிறன் பட்டையில் ஒரு துளையை விட்டுச் செல்வதால் இரண்டின் எண்ணிக்கையும் சமமாகவே இருக்க வேண்டும். ஆகவே ஃபெர்மி மட்டம் 1.12 எலக்ட்ரான் வோல்ட் இடைவெளியின் ஏறத்தாழ நடுவில் அமைகிறது. இரு பட்டைகளிலும் கிடைக்கும் இடங்கள் சமமல்ல என்பதால் அறை வெப்பநிலையில் அது நடுவிலிருந்து 0.01 எலக்ட்ரான் வோல்ட் அளவே கீழிறங்குகிறது.

இனி, ஒரு கன சென்டிமீட்டருக்கு 10¹⁶ பாஸ்பரஸ் அணுக்கள் கலந்த சிலிக்கானைக் கடுங்குளிரிலிருந்து படிப்படியாகச் சூடாக்குவோம். பாஸ்பரஸின் கொடை மட்டம் கடத்தல் பட்டைக்கு 0.045 எலக்ட்ரான் வோல்ட் கீழே உள்ளது. தனிச்சுழியை நெருங்கும்போது கொடை மட்டம் நிரம்பியும் கடத்தல் பட்டை காலியாகவும் இருப்பதால், ஃபெர்மி மட்டம் அவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. வெப்பம் கூடும்போது முதலில் சற்றே மேலேறி, பின்னர் இறங்கத் தொடங்குகிறது. அது கொடை மட்டத்தைக் கடந்து கீழே போனபின் அணுக்கள் தம் எலக்ட்ரான்களை ஏறத்தாழ முழுதும் கொடுத்துவிடுகின்றன.

300 கெல்வினில் அது கடத்தல் பட்டைக்கு 0.2 எலக்ட்ரான் வோல்ட் கீழே, நடுவிலிருந்து 0.36 மேலே இருக்கிறது. மேலும் சூடாக்கினால் ஏன் இறங்குகிறது? எலக்ட்ரான்களின் எண்ணிக்கை 10¹⁶ என்றே நிற்க, வெப்பத்தால் எட்டக்கூடிய இடங்கள் பட்டையில் பெருகிக்கொண்டே போகின்றன. ஆகவே ஒவ்வோர் இடமும் நிரம்பும் வாய்ப்பு குறைந்தாக வேண்டும், அதற்கு ஃபெர்மி மட்டம் பட்டையை விட்டு விலகியாக வேண்டும். 500 கெல்வினில் நடுவிலிருந்து அதன் உயரம் ஏறத்தாழ 0.16 எலக்ட்ரான் வோல்ட்டாகச் சுருங்குகிறது. 700 கெல்வினை எட்டும்போது சிலிக்கானே உண்டாக்கும் எலக்ட்ரான்–துளை இணைகள் பாஸ்பரஸின் பங்கை விஞ்சிவிடுவதால், மாசூட்டியதன் தடயம் அழிந்து மட்டம் நடுவை அடைகிறது.

போரான் கலந்த சிலிக்கானில் இதே கதை தலைகீழாக நடக்கிறது: இணைதிறன் பட்டைக்கு அருகிலிருந்து மட்டம் மேல்நோக்கி நடுவுக்கு வருகிறது. இவ்விரு வகைகளையும் ஒன்றாகச் சேர்த்த டையோடில், தனித்தனியே இருந்தபோது அவற்றின் ஃபெர்மி மட்டங்களுக்கிடையே இருந்த வேறுபாடே சந்தியின் உள்ளமை மின்னழுத்தத்தைத் தருகிறது. கடும் வெப்பத்தில் இரண்டும் நடுவை நோக்கி வரும்போது அந்த வேறுபாடு கரைகிறது. மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் பண்பும் அதனோடு போய்விடுகிறது.