மீட்டரும் பட்டியலும் ஒத்துப்போகாத வீடு

நேயர்களே, வணக்கம். நான் ஒரு சிறு நகரத்து அரசு உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் ஒரு வேலை கொடுப்பேன். அவரவர் வீட்டில் மின்சாரம் எங்கே, எவ்வளவு போகிறது என்று ஒரு வாரம் அளந்து கணக்கெடுத்து வரவேண்டும். வீட்டு மின்கணக்கு என்று நாங்கள் அதைச் சொல்கிறோம். அந்த வேலையில் என்னென்ன தாள்கள் கொடுக்கிறோம், எந்த இடத்தில் கணக்கு தவறுகிறது, அதைப் பிள்ளைகள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

முதலில் செய்த ஆண்டு, ஒரே ஒரு தாள்தான் கொடுத்தேன். வீட்டில் இருக்கும் சாதனங்களின் பெயரை எழுது, பின்பக்கம் ஒட்டியிருக்கும் வாட்டைப் பார்த்து எழுது, எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று எழுது, பெருக்கு, ஆயிரத்தால் வகு, யூனிட் வந்துவிடும். பிள்ளைகள் அழகாகக் கட்டம் போட்டு எழுதிக் கொண்டுவந்தார்கள். கூட்டலில் தவறே இல்லை. ஆனால் ஒருவர்கூட அந்தக் கூட்டுத்தொகையை வீட்டு மீட்டரோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. அப்படியானால் அந்தத் தாளில் இருந்தவை அளவுகள் அல்ல, ஊகங்கள். இது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

அதனால் இப்போது மூன்று தாள். முதல் தாளில் மீட்டர் ரீடிங் மட்டும்தான். எட்டு நாள், தினமும் ஒரே நேரத்தில், மாலை ஏழு மணி என்றால் ஏழு மணிக்கே எழுதவேண்டும். எட்டு ரீடிங் எடுத்தால் ஏழு நாள் கணக்கு கிடைக்கும். இதில் வரும் முதல் தவறு மீட்டர் திரையில்தான். இப்போதைய மின்னணு மீட்டரில் எண்கள் மாறிமாறி வரும். தேதி, நேரம், மின்னழுத்தம், அதிகபட்சத் தேவை எல்லாம் சுற்றிச் சுற்றி ஓடும். பிள்ளைகள் அவசரத்தில் கண்ணில் பட்ட எண்ணை எழுதிவிடுவார்கள். பக்கத்தில் kWh என்று மட்டும் இருக்கும் எண்தான் நமக்கு வேண்டும். இந்த எண் நாளுக்கு நாள் கூடத்தான் செய்யும், குறையவே குறையாது. தாளில் ஒரு நாள் எண் குறைந்திருந்தால் அது வேறு எண். இ.பி. அட்டையில் கடைசியாக எழுதிய ரீடிங்கோடு ஒப்பிட்டாலும் தெரிந்துவிடும்.

இரண்டாவது தாள் பழைய பட்டியல்தான். ஆனால் அதில் ஒரு கட்டம் கூடுதலாகச் சேர்த்திருக்கிறேன்: 'இந்த நேரத்தை யார் பார்த்தது?' மூன்றாவது தாள், மீட்டரில் சிமிட்டும் சிவப்பு விளக்கை எண்ணுவதற்கு. அதை ஒரு வீட்டுக் கதையோடு சொன்னால்தான் புரியும்.

ஒரு மாணவியின் வீடு. அம்மா, அப்பா, பாட்டி, தம்பி, இவள். முதல் தாளின்படி ஏழு நாளில் 42 யூனிட் ஓடியிருக்கிறது. நாளுக்கு 6 யூனிட். சரி, இரண்டாவது தாளைப் பார்த்தோம். மூன்று மின்விசிறி, ஒவ்வொன்றும் 75 வாட், எல்லாம் சேர்த்து நாளுக்கு 32 மணி நேரம். அது 2.4 யூனிட். பிரிட்ஜ் 150 வாட், 24 மணி நேரம் என்று போட்டு 3.6 யூனிட். டிவி 0.3, விளக்குகள் 0.3, தண்ணீர் மோட்டார் 0.4, மிக்சி கிரைண்டருக்கு 0.2, அயர்ன் பாக்ஸுக்கு 0.2. கூட்டினால் 7.4. மீட்டர் சொல்வது 6. ஓடாத மின்சாரம் 1.4 யூனிட் பட்டியலில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஏறத்தாழ எல்லா வீட்டுத் தாளிலும் இந்த இடத்தில் பிரிட்ஜ்தான் குற்றவாளி. பிளக் 24 மணி நேரமும் மாட்டியிருக்கிறது, அதனால் 24 மணி நேரமும் ஓடுகிறது என்று பிள்ளைகள் எழுதிவிடுகிறார்கள். ஆனால் உள்ளே இருக்கும் கம்ப்ரசர் விட்டுவிட்டுத்தான் ஓடும். போதுமான குளிர் வந்ததும் நின்றுவிடும், குளிர் குறைந்தால் மறுபடி கிளம்பும். பிரிட்ஜுக்குப் பக்கத்தில் அமைதியாக நின்றால் காதாலேயே கேட்கலாம். (புதிய இன்வர்ட்டர் வகைப் பிரிட்ஜில் இந்தச் சத்தத்தை நம்பமுடியாது. அது நிற்காமல் வேகத்தைக் குறைத்துக் குறைத்து ஓடும்.)

இங்கேதான் மூன்றாவது தாள் வருகிறது. மீட்டரின் முகத்தில் 3200 imp/kWh என்று அச்சிட்டிருக்கும். சில மீட்டரில் எண் வேறாக இருக்கும், உங்கள் மீட்டரில் இருப்பதையே எடுத்துக்கொள்ளவேண்டும். 3200 தடவை அந்தச் சிவப்பு விளக்கு சிமிட்டினால் ஒரு யூனிட் என்று பொருள். ஒரு யூனிட் என்பது ஒரு ஆயிரம் வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடுவது. அப்படியானால் பத்துச் சிமிட்டலுக்கு எத்தனை வினாடி என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டால், அந்த நிமிடம் வீட்டில் எத்தனை வாட் ஓடுகிறது என்று சொல்லிவிடலாம். இந்த மீட்டருக்கு மட்டும் ஒரு குறுக்குவழி: 11,250ஐ அந்த வினாடியால் வகுத்தால் வாட் வந்துவிடும்.

அந்த மாணவி அம்மாவை உடன் வைத்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் மற்ற எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு எண்ணினாள். பிரிட்ஜ் ஓடும்போது பத்துச் சிமிட்டலுக்கு 73 வினாடி. கிட்டத்தட்ட 154 வாட். பிரிட்ஜ் நின்றதும் விளக்கு சிமிட்டுவது நின்றுவிடும் என்று காத்திருந்தாள். நிற்கவில்லை. 45 வினாடிக்கு ஒரு தடவை, விடாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது. கணக்குப் போட்டால் 25 வாட். எல்லாம் அணைத்த வீட்டில் 25 வாட்!

திங்கட்கிழமை காலை வகுப்புக்குள் நுழைவதற்கு முன்னாலேயே என்னிடம் வந்து, 'சார், எங்க வீட்டுல யாரோ கரண்ட் திருடுறாங்க' என்றாள். பொறு, டிவிக்குக் கீழே பார்த்தாயா என்றேன். ரிமோட்டில் அணைத்த டிவி, செட்டாப் பாக்ஸ், இணையத்துக்கான மோடம் மூன்றும் சுவர் ஸ்விட்சில் அணைக்கப்படாமல் இருந்தன. மறுநாள் ஒவ்வொன்றாகப் பிளக்கைப் பிடுங்கி எண்ணினாள். செட்டாப் பாக்ஸ்தான் அதில் பெரிய பங்கு. அதை ரிமோட்டில் அணைத்தால் திரைதான் இருட்டாகிறது, பெட்டி உள்ளே விழித்துக்கொண்டுதான் இருக்கிறது. 25 வாட், நாள் முழுவதும் என்றால் 0.6 யூனிட். பட்டியலில் இதற்கு ஒரு வரிகூட இல்லை.

பிரிட்ஜுக்கு வருவோம். 154 வாட்டில் இந்த 25ஐக் கழித்தால் சுமார் 130 வாட். மூன்று மணி நேரம் உட்கார்ந்து, கம்ப்ரசர் கிளம்பிய நேரமும் நின்ற நேரமும் எழுதினாள். 180 நிமிடத்தில் 63 நிமிடம் ஓடியிருக்கிறது. அந்த விகிதத்தில் நாளுக்கு 1.1 யூனிட். முதலில் எழுதியது 3.6! திருத்தியதும் பட்டியல் 4.9 ஆகிவிட்டது. இப்போது மீட்டரைவிடக் குறைவு. அதோடு அணைந்திருந்த பெட்டிகளின் 0.6ஐச் சேர்த்தால் 5.5.

மோட்டாரில் இன்னும் கொஞ்சம் கிடைத்தது. ஒரு குதிரைத்திறன் என்றால் 746 வாட் என்று பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அது மோட்டார் வெளியே தரும் திறன். மீட்டரிலிருந்து அது இழுப்பது அதைவிட அதிகம். மோட்டார் மட்டும் ஓடும்போது பத்துச் சிமிட்டலுக்குப் பத்தே வினாடி, அதாவது 1,125 வாட். 25ஐக் கழித்தால் 1,100. நாளுக்கு அரைமணி நேரம் என்றால் 0.55 யூனிட், முன்பு எழுதியதைவிடச் சுமார் 0.2 கூடுதல். ஆக 5.7.

மீதி 0.3 எங்கே? இதற்குச் சிவப்பு விளக்கு உதவவில்லை. 'யார் பார்த்தது' என்ற கட்டம்தான் உதவியது. பாட்டி அறை மின்விசிறி 9 மணி நேரம் என்று எழுதி, பக்கத்தில் 'நான்' என்று போட்டிருந்தாள். நீ பகலில் பள்ளிக்கூடத்தில்தானே இருக்கிறாய் என்று கேட்டேன். வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம் விசாரித்திருக்கிறாள். மதியம் சாப்பிட்டுவிட்டுப் பாட்டி மூன்று மணி நேரம் படுக்கிறார், மின்விசிறி ஓடுகிறது. அது 0.2 யூனிட். கடைசி 0.1ஐ அப்படியே விட்டுவிட்டோம். மின்விசிறி எப்போதும் முழு வேகத்தில் ஓடுவதில்லை, அயர்ன் பாக்ஸ் சூடானதும் தானே நின்று நின்று ஓடுகிறது. பட்டியலே அந்த அளவுக்குத் துல்லியமானது இல்லை.

மூன்று தாளும் முடிந்த பிறகு ஒரு பக்கம் எழுதச் சொல்கிறேன். முன்பெல்லாம் 'இந்தச் செயல்திட்டத்திலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்' என்று கேட்பேன். முப்பது பிள்ளைகளும் மின்சாரத்தைச் சேமிப்போம், நாட்டைக் காப்போம் என்று ஒரே மாதிரி எழுதினார்கள். இப்போது மூன்று கேள்வி கேட்கிறேன். எந்த எண்ணை மாற்றினாய், எதைப் பார்த்து மாற்றினாய்? எந்த எண் வீட்டில் இன்னொருவர் சொன்னதை நம்பி எழுதியது? எதை உன்னால் அளக்கமுடியவில்லை, ஏன்? இதற்குப் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதவே முடியாது. அந்த மாணவி இரண்டாவது கேள்விக்கு இப்படி எழுதினாள்: 'பாட்டி வீட்டில் இருக்கும் நேரம் எனக்குத் தெரியாது. தெரியும் என்று நினைத்துத்தான் எழுதினேன்.'

மதிப்பெண் விஷயத்தில் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். குறைவாகச் செலவழித்த வீட்டுக்குப் பரிசு என்று ஒரு தடவை அறிவித்துவிட்டேன். அந்த ஆண்டு தாள்களில் மின்விசிறிகள் எல்லாம் நாளுக்கு இரண்டு மணி நேரம் ஓடின, அதுவும் ஏப்ரல் மாதத்தில்! பரிசுக்காகப் பிள்ளைகள் எண்ணை வளைத்துவிட்டார்கள். இன்னொன்று, எல்லா வீடும் ஒன்றல்ல. தமிழ்நாட்டில் வீடுகளுக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம். ஒரு மின்விசிறி, இரண்டு விளக்கு, ஒரு டிவி உள்ள வீடு அதற்குள்ளேயே அடங்கிவிடலாம். அந்தப் பிள்ளையிடம் இன்னும் குறை என்று சொல்ல எனக்கு வாய் வராது. யாருடைய யூனிட்டையும் வகுப்பில் உரக்கப் படிப்பதில்லை. பட்டியலுக்கும் மீட்டருக்கும் இருந்த இடைவெளியை எப்படித் துரத்தினாய் என்பதற்குத்தான் மதிப்பெண்.

ஒரு வார அளவை அறுபது நாளுக்குப் பெருக்கவும் விடுவதில்லை. ஜூலை மாதக் கணக்கு மே மாதத்துக்குப் பொருந்தாது. இன்வர்ட்டர் இருக்கும் வீட்டில் மின்தடை வந்த நாளைத் தாளில் குறித்துக்கொள்ளவேண்டும், கரண்ட் வந்ததும் பேட்டரி சார்ஜ் ஏறி அன்றைய ரீடிங் கூடும். அப்புறம், மீட்டர் பெட்டியைத் தொடக்கூடாது, பார்க்க மட்டும்தான். பிளக்கைப் பிடுங்குவது பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

சென்ற ஆண்டு ஒரு பையன் முதல் தாளை மட்டும் முழுதாக நிரப்பிக் கொடுத்தான். அவர்கள் இருப்பது ஒரே வளவுக்குள் நான்கு குடித்தனம். மீட்டர் ஒன்றுதான், வீட்டுக்காரர் மாதம் இவ்வளவு என்று வாங்கிக்கொள்கிறார். எட்டு நாளும் ஏழு மணிக்கு ரீடிங் எடுத்திருந்தான். மூன்றாவது தாளில் ஒரே வரி: 'விளக்கு சிமிட்டுகிறது. அதில் எங்கள் வீட்டுச் சிமிட்டல் எது என்று தெரியவில்லை.' நான்கு வீட்டிலும் கேட்டு, ஒரு மதியம் பத்து நிமிடம் மூன்று வீட்டார் அணைத்துக்கொண்டால் எண்ணிவிடலாமே என்றேன். போய்க் கேட்டான். இரண்டு வீட்டார் சரி என்றார்கள், மூன்றாவது வீட்டில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, மின்விசிறியை நிறுத்தமுடியாது என்றார்கள். அதையும் அப்படியே தாளில் எழுதிக் கொடுத்தான். முழு மதிப்பெண் போட்டேன்.

நன்றி, வணக்கம்.